தாத்தாவோட ரங்கூன் நோட்டு

தம்பி,

அம்மா எழுதறேன். நீளமா இருக்கும், ஒரே மூச்சுல படிக்க வேண்டாம், சாப்பிட்டுட்டு உக்காந்து படி. போன ஞாயிறு போன் பண்ணப்ப நீ தூங்கறேன்னு சொன்னாங்க, அதுக்கு முந்தின ஞாயிறும் தூங்கறேன்னுதான் சொன்னாங்க. தூங்கினா நல்லதுதான்பா, ஆனா ராத்திரி தூங்கணும், பகல் தூக்கம் உடம்புக்கு ஆகாது. பெரியவன் பேசறான், சின்னவ பேசறா, உன் பொண்டாட்டியும் நல்லாத்தான் பேசறா, நீ மட்டும் பின்னாடி கதவுகிட்ட ஒரு தடவை நடந்து போனது தெரிஞ்சுது. தாடி விட்டிருக்கியா? உன் அப்பாவுக்கும் தாடி நல்லாதான் இருக்கும், சரி அதை விடு.

பசங்க லீவுக்கு வந்தப்ப கேட்டாங்கள்ல, கொள்ளுத் தாத்தா பர்மாவுல ஜப்பான் சண்டை நடந்தப்ப என்ன பண்ணாருன்னு, அந்த நோட்டு இப்ப ஒரு வழிக்கு வந்துடுச்சு. அவங்களுக்குன்னு தனியா ஒரு நல்ல பிரதி எழுதிட்டிருக்கேன். ஆனா அதை அனுப்பறதுக்கு முன்னாடி நீ படிக்கணும். பசங்களுக்கு எழுதறது வேற, உனக்கு எழுதறது வேற.

நோட்டு எப்படி இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும், டிரங்குப் பெட்டி அடியில, சிவப்புத் துணியில சுத்தி. தைச்ச நூல் இத்துப்போயி தாள் எல்லாம் உதிரி. எது முன்னாடி எது பின்னாடின்னு யாருக்கும் தெரியாது. தாத்தா ரங்கூன்ல செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனா போயி ஏஜெண்டுக்கு அடுத்தபடியா அடுத்தாள் வரைக்கும் வந்தவரு, அதனால எழுதறதெல்லாம் கணக்கு எழுதற மாதிரிதான். இங்கிலீஷ் தேதியே கிடையாது. தமிழ் எண், பக்கத்துல நாளுக்கு ௳ன்னு குறி, மாசத்துக்கு ௴, அவ்வளவுதான். பெரியவன் முதல் தாளைப் பாத்துட்டு, அப்பத்தா இது எழுத்தா நம்பரான்னு கேட்டான். நல்ல கேள்விடா அது, உன் பிள்ளைக்கு மூளை இருக்கு. ௧ன்னா ஒண்ணு, பாக்க க மாதிரி இருக்கும். ௨ன்னா ரெண்டு, அது உ மாதிரி. ௫ பாத்தா ரு, ௭ பாத்தா எ. மை மங்கிப்போன தாள்ல தாள் தலையில உ மாதிரி ஒண்ணு நின்னா அது பிள்ளையார் சுழியா ரெண்டாந் தேதியான்னு எப்படிச் சொல்றது? பின்னாடி ௳ குறியோட வால் கொஞ்சமாவது தெரிஞ்சா தேதி, கீழ ரெட்டைக் கோடு இழுத்திருந்தா சுழி. இப்படித்தான் ஒவ்வொரு தாளா போச்சு.

முன்பாதி மை. அது பழுப்பாயிடுச்சு, ஆனா பகல் வெளிச்சத்துல ஜன்னலோரம் வச்சா படிக்கலாம். பின்பாதிதான் கஷ்டம், அது எல்லாம் ஊதா பென்சில், அந்தக் காலத்துல காப்பியிங் பென்சில்னு சொல்லுவாங்க, நுனிய எச்சில் பண்ணி எழுதினா மை மாதிரி ஊதாவா விழும். நடக்கற வழியில மைக்கூடு எங்க தூக்கறது, பென்சில்தான் தோது. ஆனா அதுல சாயம் கலந்திருக்கு, தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். அதனாலதான் சொல்றேன், யாராவது ஈரப் பஞ்சால துடைக்கலாம், ஆவி காட்டி ஒட்டின தாளைப் பிரிக்கலாம்னு சொன்னா கேக்காதே. நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் லேமினேட் பண்ணிடுங்க டீச்சர்னு சொன்னாரு, சூட்டுல பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டா அப்புறம் அதை எடுக்கவே முடியாது. எனக்கப்புறம் நோட்டு உங்கிட்டதான் வரும். லேமினேட் பண்ணாதே. செல்லோடேப் ஒட்டாதே.

தாளை வரிசைப்படுத்த முதல்ல பிடிச்சது வருஷத்தோட பேரு. சில தாள்ல மூலையில விசுன்னு இருக்கு, சில தாள்ல சித்திரபானுன்னு இருக்கு. விசு வருஷம் 1942 ஏப்ரல் நடுவுல முடியுது, அன்னிக்கே சித்திரபானு பிறக்குது. ஆக உதிரித் தாள் எல்லாம் ரெண்டு குவியலாச்சு. அடுத்து கிரகணம். விசு குவியல்ல ஒரு தாள்ல கணக்குக்கு நடுவுல "பௌர்ணமி. விடியற்காலை கிரகணம், குளிக்கத் தண்ணீர் இல்லை"ன்னு ஒரு வரி. பெரியவன்கிட்ட சொன்னேன், நாசா போட்டிருக்கற கிரகணப் பட்டியல்ல தேடினான், 1942 மார்ச் 3ஆம் தேதி முழு சந்திர கிரகணம். பர்மா நேரத்துக்குக் கணக்குப் போட்டா விடியக்காலம் அஞ்சு மணி வாக்குல நிழல் விழ ஆரம்பிக்குது, நிலா மறையறப்பவே கிரகணத்தோடதான் மறையுது. அவர் எழுதினது சரியா இருக்கு பாரு. அது செவ்வாய்க்கிழமை, தாள்லயும் செவ்வாய்னு இருக்கு. எண்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் அவரோட பேரனோட பிள்ளை அந்தத் தேதிய உறுதி பண்ணிருக்கான், எனக்கு அன்னிக்குப் பூரா சோறு இறங்கல சந்தோஷத்துல. நீ அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பாராட்டினியா? பாராட்டு. பிள்ளைங்களுக்கு அப்பா வாயிலருந்து வரணும்.

ஒரு நங்கூரம் கிடைச்சதும் முன்னும் பின்னும் எண்ணிட்டே போகலாம். ரங்கூன்ல முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, செவ்வாய், அப்புறம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு வியாழக்கிழமை திரும்ப. அது ரெண்டும் மை பகுதியில இருக்கு, கிட்டங்கிக் கதவு பேந்து விழுந்தது, கணக்குப் புஸ்தகத்தை மூட்டை கட்டினது. அப்புறம் ரயில், மண்டலே கேம்ப், அங்கதான் அந்தக் கிரகணம். அப்புறம் சிந்துவின் ஆத்துல படகு, கலேவா, அங்கருந்து கபோ பள்ளத்தாக்கு வழியா நடை, தமு, மலை ஏறி பலேல், அங்கருந்து ரோடு இம்பால் போயி, கடைசியா ரயில் நிக்கற இடம், அதை அப்ப மணிப்பூர் ரோடு ஸ்டேஷன்னு சொன்னாங்க, திமாப்பூர்தான். அந்த வருஷம் நாலஞ்சு லட்சம் பேரு பர்மாவை விட்டு இந்தியாவுக்கு வந்தாங்க, பாதிப் பேருக்கு மேல நடைதான், எத்தனை பேர் வழியிலயே போனாங்கன்னு யாரும் சரியா எண்ணல. காலரா, மலேரியா. "துரைமாருக்கு வேறு கேம்ப்"னு ஒரு வரி எழுதிட்டு தாத்தா அதுக்கு மேல அதைப் பத்தி எதுவும் எழுதல. சின்னவளுக்கு எழுதற பிரதியிலயும் அந்த வரி இருக்கும், நான் எதையும் எடுக்கல. அவ ஏன்னு கேப்பா, நீ பதில் சொல்லு.

இதுவரைக்கும் எல்லாரும் செய்யற வேலைதான். இனிமேதான் உனக்குச் சொல்ல வந்தது.

பெரிய தாத்தா, அதான் எங்க அப்பாவோட அண்ணன், என் பெரியப்பா, அவர் விஷயம் உனக்குத் தெரியும். நம்ம வீட்ல எந்தக் கல்யாணத்துலயும் அந்தப் பேச்சு எழாம இருந்ததில்ல. அவர் சம்சாரம் பெரியம்மா கடைசி வரைக்கும் எங்க அப்பா முகத்தைப் பாக்காமலே போய்ச் சேந்தாங்க, வாசல்ல வந்து நின்னா உள்ள போயிடுவாங்க. எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரு வரி. "அண்ணனை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்." எப்பவோ ஒரு தரம் நோட்டு கைமாறினப்ப யாரோ அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துப் பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டாங்க. கையெழுத்து அப்பாவோடது, வார்த்தை அப்பாவோடது, மேல கேள்வியே இல்லன்னு ஆயிடுச்சு. காய்ச்சல்ல கிடந்த அண்ணனை விட்டுட்டு வந்தான்னு பேரு. அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. நான் சின்னப் பொண்ணு, எங்க அப்பா அப்படிப்பட்டவரா இருப்பாரான்னு யோசிச்சு யோசிச்சு, பேசாம இருக்கறாருன்னா அப்ப அது நிஜம்தான் போலன்னு நானும் மனசுல வச்சுக்கிட்டேன்.

சித்திரபானு குவியல்ல ஒரு தாள் மட்டும் ஒட்டாம நின்னுச்சு. வாழ்நாள் பூரா பேப்பர் திருத்தினவ நான், பேர் எழுதாத பேப்பரைக் கையில வச்சா இது எந்தப் பிள்ளைன்னு சொல்லுவேன், அது உனக்கே தெரியும். அந்தத் தாள் அப்பா எழுத்து இல்ல. அப்பா எழுத்து சாஞ்சு ஓடும், லேசா தொடும். இது நிமிர்ந்து நிக்குது, பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதின கை. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு, டார்ச்சைத் தாளோட மட்டத்துக்கு ஒரு பக்கமா படுக்க வச்சுப் பாத்தா சாயம் போன இடத்துல கூட பள்ளம் பள்ளமா கோடு தெரியுது. இன்னொண்ணு, அந்தத் தாள்ல மட்டும் எண் எல்லாம் இங்கிலீஷ் எண், 1, 2, 3ன்னு. கிட்டங்கியில கணக்கு எழுதினவர் கை அப்படி எழுதாது. ரைஸ் மில்லுல டோக்கன் எழுதின கை எழுதும். அது யாரு வேலைன்னு உனக்குச் சொல்லத் தேவையில்ல.

தாள்ல இருந்தது இவ்வளவுதான்: "வெள்ளி. நேற்று சித்திரை பௌர்ணமி. தம்பிக்கு ஜுரம் இறங்கவில்லை, ஆள் தெரியவில்லை. பலேல் வந்தாயிற்று. நாளைக் காலை லாரி போகிறது." அதுக்குக் கீழ பாதித் தாளை ராமபாணப் பூச்சி மேலாக்க மேஞ்சுட்டுப் போயிடுச்சு. டார்ச் வச்சாலும் ஒண்ணும் இல்ல, பள்ளம் இருந்த தோலே போயிடுச்சே. அந்த வருஷம் சித்திரா பௌர்ணமி ஏப்ரல் 30, வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளி, மே 1. தேதி கிடைச்சுது. ஆனா ஆள் தெரியாம ஜுரத்துல கிடந்தது தம்பி, அதாவது எங்க அப்பா. நாங்க இத்தனை வருஷமா நம்பினது தலைகீழ்.

சரி, இந்தத் தாள் எங்க வரும்? அந்த "விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்" தாளுக்கு முன்னாடியா, பின்னாடியா? பின்னாடின்னா அண்ணன் அப்புறம் வந்து சேந்துட்டாருன்னு ஆகும், அது இல்லன்னு நமக்குத் தெரியும். முன்னாடின்னாலும் எத்தனை நாள் முன்னாடி, நடுவுல வேற தாள் இருந்து தொலைஞ்சிருக்குமா, அதுல என்ன இருந்திருக்கும்? இந்த இடத்துல சும்மா ஊகத்துல ஒட்டக்கூடாது. புழு ஓட்டை உதவுச்சு. புத்தகப்புழு ஒரு தாளோட நிக்காது, அடுத்தடுத்த தாளைக் குடைஞ்சு நேரா போகும். ரெண்டு தாளையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சேன், ஓட்டை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்குது, ஓரத்துல இருக்கற ஓட்டை ஒரு பக்கம் கொஞ்சம் பெருசு அடுத்ததுல கொஞ்சம் சிறுசு, நடுவுல ஒரு தாள் இருந்திருந்தா அந்த அளவு இப்படி ஒட்டி வராது. அதுவும் போதும்னு நான் விடல.

"விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்" தாளை நீ பாத்ததில்ல. மேல அந்த ஒரு வரி. அதுக்குக் கீழ வரிசையா நாள் மட்டும் போட்டிருக்கு. எண், ௳ குறி, கிழமை, பக்கத்துல காலி. அடுத்த வரியிலயும் எண், குறி, கிழமை, காலி. அப்படியே கீழ வரைக்கும். எழுத ஒண்ணும் இல்லன்னாலும் நாளை விடாம போட்டிருக்காரு. அந்தக் காலி இடம் பூரா ஊதாவா கறை, மழையில நனைஞ்ச கறைன்னு தள்ளி வச்சிருந்தேன். சின்னவதான் வீடியோ கால்ல பாத்துட்டு, அப்பத்தா கறைக்குள்ள கோடு கோடா இருக்கே, இது கண்ணாடி எழுத்தான்னு கேட்டா. அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

என்ன ஆயிருக்குன்னா, நோட்டு மூடியிருந்தப்ப நனைஞ்சிருக்கு. ஊதா சாயம் எதிர்ப் பக்கத்துல அப்படியே ஒத்தியெடுத்த மாதிரி பதிஞ்சிடுச்சு, இடவலம் மாறி. பூச்சி பெரியப்பா தாளைத் தின்னது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு. ஆக, தின்னு போன எழுத்தோட அச்சு எதிர்த் தாள்ல பத்திரமா இருக்கு. நிழல்ல வச்சு பிளாஷ் இல்லாம போட்டோ எடுத்தேன், போன்லயே எடிட்ல போயி இடவலமா திருப்பினேன், கலரைக் கூட்டினேன், பழுப்புத் தாள்லருந்து ஊதா மட்டும் தனியா எழும்பி வந்துச்சு. அப்பா அந்த வரியில எதையாவது எழுதியிருந்தா ரெண்டும் கலந்து ஒண்ணும் படிக்க முடியாம போயிருக்கும். எழுதாம விட்ட காலி இடத்துலதான் பெரியப்பா எழுத்து தங்கிருக்கு. மேல இருக்கற வரி எல்லாம் அந்தத் தாள்ல இன்னும் அழியாம இருக்கற வரியோட எழுத்துக்கு எழுத்து பொருந்துது, அதனால இந்த ரெண்டு பக்கமும் எதிரெதிர்தான்னு சந்தேகத்துக்கே இடமில்ல. நடுவுல தாள் எதுவும் தொலையல.

கீழ இருக்கறது இது. சந்தேகமா இருக்கற எழுத்தைப் பகர அடைப்புல போட்டிருக்கேன், தெரியாத இடத்துல புள்ளி.

"ஒரு ஆளுக்குத்தான் இடம் என்கிறார்[கள்]. இவனுக்குத் தெரிந்தால் ஏற மாட்டான். அதனால் சொல்லவில்லை. நான் ..... நடந்து வருகிறேன். நோட்டை இவன் பையில் வைக்கிறேன். தம்பி, மணிப்பூர் ரோடு ஸ்டேஷனில் காத்[திரு]."

நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்டா. இப்ப கூட எழுதறப்ப கை நடுங்குது.

அப்ப அந்தக் காலி நாள் எல்லாம் என்னன்னு புரியுதா. ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருந்த நாள். ஒவ்வொரு நாளும் லாரி வர்ற இடத்துல போயி நின்னுட்டு வந்து நாளை மட்டும் போட்டிருக்காரு. ஒரே ஒரு வரியிலதான் காலி இடத்துல ரெண்டு மூணு வார்த்தை இருக்கு, "ஞாயிறு. இம்பாலில் குண்டு என்கிறார்கள்"னு. அது மே 10. அன்னிக்கு இம்பால்ல குண்டு போட்டதுல ஊர் சனம் கலைஞ்சு ஓடிட்டாங்க, பலேல்லருந்து வர்ற ரோடு இம்பால் வழியாத்தானே வரணும். அதுக்கப்புறமும் அப்பா நாள் போட்டுட்டேதான் இருக்காரு. மழை பிடிச்சிருக்கு, எழுத்து கரைஞ்சிருக்கு, ஆனா நாள் போட்டிருக்காரு. எப்ப ரயில் ஏறினாருன்னு நோட்டுல இல்ல.

பெரியம்மாவுக்கு அந்தத் தாளைத் திருப்பிக் காட்ட அப்பாவுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நோட்டு அவர்கிட்டதானே இருந்துச்சு. ஏன் காட்டலன்னு கோவம் கோவமா வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், காட்டினா என்ன சொல்லணும்? உங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்க வேண்டிய இடத்துல நான் உக்காந்து வந்தேன்னு சொல்லணும். விட்டுட்டு ஓடினவன்னு பேர் வாங்கறது அவருக்கு அதை விட லேசா இருந்திருக்கும். ஆனா அவர் பேசாம இருந்ததுல யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு? பெரியம்மா புருஷன் எப்படிப்பட்டவர்னு தெரியாமலே போயிட்டாங்க. எங்க அம்மா ராத்திரி ராத்திரி திண்ணையில தனியா உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட என்னன்னு கேக்கத் தெரியாம ஒரு ஆயுளை ஓட்டினா. நாங்க பிள்ளைங்க அவருக்கு எங்க மேல பாசம் இல்லன்னு நினைச்சோம். ஒரு மனுஷன் தனக்கு நடந்ததைச் சொல்லாம வச்சா வீட்ல இருக்கறவங்க அந்த இடத்தைச் சும்மா விட மாட்டாங்க, தப்புத் தப்பா எதையாவது போட்டு நிரப்பிடுவாங்க.

உன்னைச் சொல்லலப்பா. தாத்தாவைத்தான் சொல்றேன்.

நோட்டோட கடைசித் தாளைப் பத்தியும் சொல்லிடறேன். அது மறுபடி மை, ஊருக்கு வந்து சேந்தப்புறம் எழுதினது. வரிக்கு வரி "அண்ணிக்கு ௫", "அண்ணிக்கு ௫". மேலோட்டமா பாத்தா ரு மாதிரி தெரியும், ரூபாய்னு எழுத ஆரம்பிச்சு தொகை அழிஞ்சுபோச்சுன்னு தோணும், ஆனா எல்லா வரியிலயும் அதே இடத்துல அதே அளவுல நிக்குது, அது அஞ்சு. மாசா மாசம். அஞ்சு ரூபா அன்னிக்குச் சம்பளக்காரனுக்கு லேசுப்பட்ட காசு இல்ல. பெரியம்மா வீட்டுக்கு மணியார்டர் வந்துச்சுன்னு தெரியும், கிட்டங்கியிலருந்து வருதுன்னுதான் அவங்க எல்லாரும் சொல்லிக்கிட்டாங்க.

பிரதி எப்படி எழுதிருக்கேன்னா, ஒரு பக்கம் போட்டோ, எதிர்ப்பக்கம் நான் படிச்சது, அவர் வரி எங்க முடியுதோ அங்கயே நானும் முடிச்சு. தெரியாத இடம் தெரியாத இடமாத்தான் இருக்கும். "நான் ..... நடந்து வருகிறேன்"ல அந்தப் புள்ளி என்னன்னு பெரியவன் கேட்டான், பின்னாலயா, மெதுவாவா, எது வேணா இருக்கலாம். பின்னால்னு போட்டுடு அப்பத்தா, கதை நல்லா இருக்கும்னான். போட மாட்டேன்னு சொல்லிட்டேன். அச்சுல அந்த இடத்துல சாயம் குழம்பிருக்கு, எத்தனை எழுத்துன்னு கூட சொல்ல முடியல. அவர் சொல்லாததை அவர் வாயில நான் வைக்கறதா? கபோ பள்ளத்தாக்கு நடையில ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதையும் பிரிக்கல. ஆவணக் காப்பகத்துல அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க, அவங்க கையிலதான் குடுப்பேன். என் காலத்துல முடியலன்னா நீ குடு.

பெரியம்மாவோட பேத்திக்கு அந்த ரெண்டு பக்கத்தோட போட்டோவை அனுப்பிட்டேன். இன்னும் பதில் வரல. வரட்டும், அவசரம் இல்ல.

இப்ப உனக்கு ஒரு வேலை. பசங்களுக்கு இதை நான் போன்ல படிச்சுக் காட்டப் போறதில்ல. நீதான் பக்கத்துல உக்காந்து படிக்கணும், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு தாள். சின்னவளுக்குக் கண்ணாடி எழுத்து தாள்ல அவளே போன்ல திருப்பிப் பாக்கட்டும், அவ கண்டுபிடிச்சது அது. காலரா வர்ற இடத்துல பெரியவன் பயப்பட மாட்டான், அவ பயப்படுவா, அவ கையைப் பிடிச்சுக்கோ. உன் பொண்டாட்டியும் உக்காரட்டும். படிச்சு முடிச்சப்புறம் அவங்க ஏதாவது கேப்பாங்க, தாத்தாவைப் பத்தி மட்டும்தான் கேப்பாங்கன்னு இல்ல. பதில் சொல்லு.

வேலை விஷயம், வீட்டு விஷயம், எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்னு இல்ல. அவகிட்டச் சொன்னாப் போதும். எங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சுன்னா எந்நேரமும் போன் பக்கத்துலதான் இருக்கு, பென்ஷன் வருது, வீடு இருக்கு, உன் ரூம் அப்படியேதான் இருக்கு. பேச முடியலன்னா எழுத வேண்டாம், நாள் மட்டும் போடு. திங்கள்னு ஒரு மெசேஜ், செவ்வாய்னு ஒரு மெசேஜ். அது போதும் எனக்கு, நான் மேல கேக்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. தாடி இருந்தா இருக்கட்டும்.

வர்ற ஞாயிறு உங்க நேரத்துக்குக் காலையில பத்து மணிக்குப் போன் பண்றேன். தூங்கறேன்னு சொன்னா எழுப்பச் சொல்லுவேன்.

அம்மா